பதினாறு சீட் டூருக்குப் பன்னிரண்டு பேர் கணக்கு

மதுரையிலிருந்து செட்டிநாட்டுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள் குழுவாக ஆட்களை அழைத்துப் போகிறேன். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "தலைக்கு எவ்வளவு வைக்கலாம்?" எவ்வளவு செலவாகும் என்று கூட்டிப் பார்ப்பது யாராலும் முடிகிற வேலை. அந்தச் செலவை எத்தனை பேரால் வகுக்கிறோம் என்பதில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது. ஒரு டூரை எடுத்துக்கொண்டு அதை முழுதாகச் சொல்கிறேன். இதில் வரும் விலைகள் எனக்குக் கிடைத்தவை, கணக்குக்கு எளிதாக முழு எண்ணாக்கியிருக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பயணத் திட்டம். சனிக்கிழமை காலை ஆறரைக்கு மதுரையில் கிளம்பி, மேலூர், திருப்பத்தூர் வழியாகப் பிள்ளையார்பட்டி. மதியம் நடை சாத்துவதற்குள் சாமி கும்பிட்டுவிட்டுக் காரைக்குடியில் சாப்பாடு. பிற்பகல் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையும் பெரிய வீடும். ஞாயிற்றுக்கிழமை பல பட்டறைகளில் வேலை இருக்காது என்பதால் அதைச் சனிக்கே வைத்துவிடுவேன். இரவு கானாடுகாத்தானில் தங்கல். ஞாயிறு காலை கானாடுகாத்தான் தெருக்களில் நடை, பிறகு திருமயம் கோட்டை, மதியம் இலை போட்டு விருந்து, இருட்டுவதற்குள் மதுரை. மொத்தம் 300 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

வண்டி 17 சீட் டெம்போ டிராவலர். அதில் ஒரு சீட் எனக்கு, விற்க 16. வாடகை கிலோமீட்டருக்கு 24 ரூபாய். "300 கிலோமீட்டர்தானே, 7,200 ரூபாய்" என்று நினைத்துவிடக் கூடாது. நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 300 கிலோமீட்டர் என்பது வண்டிக்காரர் வைக்கிற கணக்கு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு நாளைக்கு 600 கிலோமீட்டருக்குக் காசு கொடுக்க வேண்டும், அது 14,400. இதைக் குறைத்துக் கேட்டபோது வண்டி உரிமையாளர் சொன்ன பதில் எனக்கு நியாயமாகவே பட்டது. "வண்டி ஓடலைன்னாலும் ரெண்டு நாளும் உங்ககிட்டதானே தம்பி நிக்குது. சனி ஞாயிறு விட்டா எனக்கு வேற எந்த நாள்ல ஆர்டர்?" அவர் விற்பது வார இறுதியை. கிலோமீட்டர் அதை அளக்கிற கோல், அவ்வளவுதான்.

அதனால் வாடகைக்காக மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு வேறு இரண்டு விஷயங்களைப் பேசிக்கொள்கிறேன். ஒன்று, குறைந்தபட்சக் கிலோமீட்டர் நாள்வாரியா, மொத்தப் பயணத்துக்கா என்பது. முதல் நாள் 200, இரண்டாம் நாள் 400 ஓடுகிற திட்டமாக இருந்தால் மொத்தக் கணக்கில் 600-தான் வரும். நாள்வாரி என்றால் 300-உம் 400-உம் சேர்ந்து 700 ஆகிவிடும். இதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஓடாத கிலோமீட்டருக்கும் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று என்பதால், மதுரைக்குள் மூன்று இடங்களில் ஆட்களை ஏற்றிக்கொள்ளவும், ஓர் ஊரைக் கூடுதலாகச் சேர்க்கவும் வண்டியில் தனிச் செலவு கிடையாது. போட்டிக்காரரைவிட விலையைக் குறைப்பதற்குப் பதில் நான் இப்படித்தான் கூடுதலாக ஏதாவது கொடுக்கப் பார்ப்பேன்.

வாடகையோடு டிரைவர் பேட்டா இரண்டு நாளைக்கு 1,600, டோல், பார்க்கிங் 1,000 சேர்த்தால் வண்டி 17,000. உள்ளூர் வழிகாட்டிக்கு 3,000. டிரைவரும் நானும் தங்க, சாப்பிட 3,000. விளம்பரம், முதலுதவிப் பெட்டி மாதிரியான சில்லறைச் செலவு 1,000. ஆக 24,000 ரூபாய். ஐந்து பேர் வந்தாலும் பதினாறு பேர் வந்தாலும் இது மாறாது.

அடுத்தது தலைக்கு ஆகும் செலவு. சனி காலை டிபன் 100, மதியச் சாப்பாடு 250, மாலையில் வெள்ளைப் பணியாரமும் மசாலா சீயமும் காப்பியும் 120, இரவு 250. ஞாயிறு காலை டிபன் அறை வாடகையிலேயே சேர்ந்தது. ஞாயிறு மதிய விருந்து 450, திரும்பும் வழியில் காப்பி 50, தண்ணீர் பாட்டில் 30. சாப்பாடு மட்டும் 1,250. பெரிய வீடு, கோட்டை நுழைவுக் கட்டணங்களுக்கும் இதர டிக்கெட்டுகளுக்கும் 150. சேர்த்து 1,400. அறை வரியோடு 3,600, இருவருக்கு ஒன்று, தலைக்கு 1,800. ஆகத் தலைக்கு 3,200.

இங்கே ஒரு சின்ன விஷயம். சனிக்கிழமை அசைவம் சாப்பிடாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கோயிலுக்குப் போகிற நாள் வேறு. புரட்டாசியில் கேட்கவே வேண்டாம். செட்டிநாட்டுக் கோழியும் நண்டும் சனி மதியம் வைத்தால் பாதி இலையில் அப்படியே மிஞ்சும், காசு மட்டும் முழுதாகப் போகும். அசைவ விருந்தை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிவிட்டால் அதே பணத்தில் சாப்பாடு நிறைவாக இருக்கும்.

இப்போது வகுத்தலுக்கு வருவோம். பலரும் செய்வது, 24,000-ஐப் பதினாறால் வகுப்பது. தலைக்கு 1,500 வரும். அதோடு 3,200 சேர்த்தால் 4,700. மேலே 15 சதவீதம் லாபம் வைத்தால் சுமார் 5,400. பார்க்க அழகான விலை, விளம்பரத்திலும் நன்றாக இருக்கும். ஆனால் இந்த விலையில் ஒவ்வொருவரும் தன் சொந்தச் செலவு போக 2,200 ரூபாய்தான் அந்த 24,000-க்குத் தருகிறார். அதை அடைக்கப் பதினொரு பேர் வேண்டும். பத்துப் பேர் வந்தால் 2,000 ரூபாய் கையைக் கடிக்கும். பதினாறு சீட்டில் ஆறு காலியாவது பெரிய விபத்து ஒன்றும் இல்லை, மழை வந்தாலோ பரீட்சை வந்தாலோ நடக்கிறதுதான்.

நான் பன்னிரண்டால் வகுக்கிறேன். பதினாறில் முக்கால் பங்கு. 24,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 2,000. அதோடு 3,200, மேலே 800. விலை 6,000. இப்போது ஒவ்வொருவரும் 2,800 தருகிறார், ஒன்பது பேரில் முதல் தேறிவிடுகிறது. பன்னிரண்டு பேர் வந்தால் 9,600 நிற்கும், பதினாறும் நிரம்பினால் 20,800. காலி சீட்டுக்கான காசு விலைக்குள்ளேயே இருக்கிறது, நிரம்பிய சீட்டெல்லாம் மேல்வரும்படி. எந்த எண்ணால் வகுப்பது என்பதற்கு உங்கள் பழைய டூர்களில் சாதாரணமாக எத்தனை பேர் காசு கட்டி வந்தார்கள் என்று பாருங்கள். "நானும் வர்றேன்" என்று குரூப்பில் கை தூக்கினவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் பத்தால் வகுப்பது நல்லது. அப்படி வருகிற விலைக்கு உங்கள் ஊரில் ஆள் கிடைக்காது என்று தோன்றினால் விலையைக் குறைக்காதீர்கள், திட்டத்தைக் குறையுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை அவரவர் செலவாக விடலாம், அறையைக் கானாடுகாத்தான் பழைய வீட்டுக்குப் பதில் காரைக்குடி லாட்ஜில் போடலாம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் டூர் பேக்கேஜுக்கு 5 சதவீதம் கட்ட வேண்டும், 6,000-க்கு அது 300. அதை 800-க்குள் விழுங்கிவிடாமல் விலைக்கு மேலே தனியாகச் சொல்லிவிடுவது உத்தமம். அறை விலை கேட்கும்போதும் "வரி சேர்த்தா?" என்று கேட்காமல் போனை வைக்காதீர்கள்.

சீட் காலியானால் என்ன ஆகும் என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். அறை காலியானால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்கள் குறைவு. சீட்டைவிட அறைதான் ஆபத்தானது. தலைக்கு 1,800 என்று எழுதும்போது அது ஆள் வந்தால் மட்டும் ஆகிற செலவு மாதிரி தெரியும். ஆனால் பதினாறு பேருக்கு என்று எட்டு அறையை உறுதியாகச் சொல்லிவிட்டால், ஆள் வராத அறைக்கும் 3,600 நம் தலையில்தான். பன்னிரண்டு பேர் வந்து இரண்டு அறை பூட்டியே கிடந்தால் 7,200. மேலே சொன்ன 9,600 லாபம் 2,400 ஆகச் சுருங்கிவிடும். நாம் சரியாக வகுத்த கணக்கைப் பூட்டிய கதவு தின்றுவிடும்.

ஆகவே தங்குமிடத்தில் வாடகையைவிட முக்கியமாகப் பேச வேண்டியது, எந்தத் தேதி வரை அறையைக் காசில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம் என்பது. எனக்குக் கிடைத்த ஏற்பாடு, எட்டு அறை பிடித்து வைப்பது, பயணத்துக்குப் பத்து நாள் முன்பு, அதாவது முந்தைய வாரப் புதன்கிழமைக்குள், வேண்டாதவற்றை விட்டுவிடுவது. அதற்குப் பின் வைத்திருப்பதற்கு முழுக் காசு. இதைக் கேட்பதற்கு முன் காலண்டரில் முகூர்த்த நாள் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் பெரிய வீடுகளைக் கல்யாணத்துக்கு விடுகிறார்கள், சினிமா படப்பிடிப்புக்கும் விடுகிறார்கள். முகூர்த்த ஞாயிறென்றால் அறைக்கும் வண்டிக்கும் ஒரே நேரத்தில் கிராக்கி. திருப்பிக் கொடுக்கும் தேதி பற்றிப் பேசவே மாட்டார்கள். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுவதுதான் என் வழக்கம்.

இன்னொன்று, மூன்றாவது ஆள். ஒற்றைப்படையில் ஆட்கள் வரும்போது ஓர் அறையில் கூடுதல் கட்டில் போட்டால் 1,000 ரூபாயில் முடிகிறது. ஆனால் பழைய நகரத்தார் வீடுகளில் எல்லா அறையிலும் அது நடக்காது. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று கட்டியவை. இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. கனமான தேக்குக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூன்று பேர் தங்குகிற மாதிரிப் பெரிய அறை ஒன்றிரண்டுதான் தேறும். எத்தனை என்று நேரில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தனியாகத்தான் தங்குவேன் என்கிறவரிடம் 1,800 கூடுதலாக வாங்க வேண்டியதுதான், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. ஆனால் பகிர்ந்துகொள்ளத் தயாராக இருந்து ஜோடி கிடைக்காமல் போனவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். அது நம் செலவு.

சாப்பாட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஞாயிறு விருந்து செய்துதரும் ஆச்சி எண்ணுவது இலையை. "எத்தனை இலைன்னு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறதுக்குள்ள சொல்லிப்புடுங்க தம்பி. பத்து இலைக்குக் குறைஞ்சா அடுப்பு பத்த வைக்கிறது கட்டாது" என்பார். வெள்ளி மாலை வரை எண்ணிக்கையை மாற்றலாம், ஆனால் பத்துக்குக் கீழே போனாலும் பத்துக்குக் காசு. என்னையும் டிரைவரையும் சேர்த்தால் எட்டுப் பேர் டூரிலேயே பத்து இலை ஆகிவிடுகிறது, அதனால் அந்த விதி என்னைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

சரி, இந்த ஏற்பாடுகளோடு போன ஒரு டூர் எப்படி முடிந்தது என்று பார்க்கலாம்.

அறையைத் திருப்பிக் கொடுக்க முடிவு நாளான புதன்கிழமை காசு கட்டியிருந்தவர்கள் ஒன்பது பேர். இரண்டு ஜோடிகள், மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பம், தனித்தனியாக வந்த இரண்டு பெண்கள். இன்னும் மூன்று பேர் "ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டிவிடுகிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பது பேருக்கு நான்கு அறை போதும், குடும்பத்துக்குப் பெரிய அறையும் கூடுதல் கட்டிலும். மூன்று அறையை விட்டுவிட்டேன். ஐந்தாவதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கேள்வி வண்டி. 12 சீட் வண்டிக்கு மாறினால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய், 2,400 மிச்சம். ஆனால் எனக்கு ஒன்று போக விற்கப் பதினொரு சீட்தான் இருக்கும். சொல்லியிருந்த மூவரும் கட்டிவிட்டால் பன்னிரண்டாவது ஆளுக்கு இடமில்லை, அவரால் வரக்கூடிய 2,800 போய்விடும். ஆக ஒரு பக்கம் உறுதியான 2,400, இன்னொரு பக்கம் மூன்று பேரும் தவறாமல் வந்தால் மட்டும் 2,800. வாய்வார்த்தை மூன்றும் பணமாக மாறுவது அரிது என்பதால் சின்ன வண்டிக்கு மாறினேன். 17 சீட் வண்டியும் 12 சீட் வண்டியும் ஒரே உரிமையாளரிடம் இருந்தால்தான் இந்த மாற்றம் முன்பணம் போகாமல் நடக்கும். வண்டி பேசும்போதே இதையும் பேசிவைத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூவரில் ஒரு ஜோடி மட்டும் கட்டியது. பதினொரு பேர், வண்டி நிறைந்தது, ஐந்து அறையும் நிறைந்தது.

பயணத்துக்கு முந்தைய வியாழன் அன்று தனியாக வர இருந்த பெண்களில் ஒருவருக்குக் காய்ச்சல். வர முடியவில்லை. காசு கட்டும்போதே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருந்த விதி இதுதான்: முடிவு நாளுக்கு முன் விலகினால் முழுப் பணமும் திரும்ப, அதற்குப் பின் வெள்ளி மதியம் வரை விலகினால் சாப்பாடும் டிக்கெட்டும் ஆன 1,400 மட்டும் திரும்ப, அல்லது தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பலாம். வண்டிக்கும் அறைக்கும் நான் கட்டிவிட்ட காசை என்னால் திரும்ப வாங்க முடியாது, ஆச்சியிடம் இலையைக் குறைக்க முடியும். எதை என்னால் திரும்ப வாங்க முடியுமோ அதைத் திருப்பித் தருகிறேன். இப்படிக் கணக்கைப் பிரித்துக் காட்டினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அவரும் புரிந்துகொண்டார், மாற்றாக யாரையும் அனுப்பவில்லை. 1,400-ஐ அன்றே அனுப்பிவிட்டேன். அவரோடு அறையைப் பகிர இருந்தவர் தனியாகத் தங்கினார். அவரிடம் கூடுதலாக எதுவும் வாங்கவில்லை. வராதவர் கட்டிய பணத்திலேயே அந்த அரை அறைக்கும் காசு இருந்தது.

வரவு 66,000, அதில் திருப்பியது 1,400. செலவில் மாறாத பங்கு வண்டி மாறியதால் 21,600. அறைகள் ஐந்தும் கூடுதல் கட்டிலும் 19,000. பத்துப் பேருக்குச் சாப்பாடும் டிக்கெட்டும் 14,000. கையில் நின்றது 10,000. ஒருவர் கடைசியில் வராமல் போனதால் இந்தத் தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. இதே ஆட்கள், இதே செலவு, விலை மட்டும் 5,400 என்றால் நின்றிருக்கும் பணம் 4,000 அளவுகூட வராது. விலை 6,000-ஆகவே இருந்து எட்டு அறையையும் விடாமல் வைத்திருந்தால்? கூடுதல் கட்டில் மிச்சமானாலும் அறைக்கு 28,800 போயிருக்கும், பத்தாயிரத்தில் 200 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

எத்தனை பேருக்குக் கீழே போனால் டூரையே நிறுத்துவது? சின்ன வண்டிக்கு மாறிய பிறகு எட்டுப் பேரில் முதல் தேறுகிறது. ஏழு பேர் என்றால் 2,000 ரூபாய் நட்டம். ஆனால் நிறுத்தினாலும் விளம்பரச் செலவு 1,000 எப்படியும் போனதுதான், ஆக நடத்துவதால் கூடுதலாகப் போவது ஆயிரம்தான். விடுப்பு எடுத்துக் காத்திருக்கிற ஏழு பேரை அதற்காக ஏமாற்றமாட்டேன், நடத்திவிடுவேன். ஆறு என்றால் நிறுத்திவிட்டு முழுப் பணத்தையும் அன்றைக்கே திருப்பிவிடுவேன். வண்டிக்குக் கொடுத்த முன்பணத்தை அடுத்த தேதிக்கு மாற்றித் தருவதாக உரிமையாளரோடு பேச்சு.

கடைசி வாரத்தில் காலி சீட்டைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடலாமே என்று தோன்றும். கணக்கில் அது சரிதான். ஏற்கெனவே காசு கொடுத்த அறையில் பாதி காலியாக இருந்தால் புதிதாக வருகிறவரால் ஆகும் செலவு 1,400-தான், 3,500-க்கு விற்றாலும் லாபம். ஆனால் பத்துப் பேர் இரண்டு நாள் ஒரே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலூர் தாண்டுவதற்குள் யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதல் ஆளாக முழுப் பணம் கட்டி நம்மை நம்பினவர் அதிக விலை கொடுத்தவராக ஆகிவிடுகிறார், அடுத்த முறை அவரும் கடைசி வாரம் வரை காத்திருப்பார். அப்புறம் முடிவு நாளில் எண்ணிப் பார்க்க நமக்கு ஆளே இருக்காது. தள்ளுபடி தருவதென்றால் முதலில் கட்டுகிற நான்கு பேருக்கு 400 ரூபாய் குறைத்துக் கொடுங்கள். மொத்தம் 1,600 போகும், ஆனால் அறையைத் திருப்பிக் கொடுக்கும் தேதிக்கு முன்பே நான்கு பெயர் உறுதியாகிவிடும்.